மாத்திரைக் கணக்கு எங்கே உதைக்கிறது: படமெடுத்து அனுப்பிய மருந்துச் சீட்டில் பிழை காணும் முறை

நான் ஒரு சிறு நகரத்தின் மருந்துக் கடையில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நாள்தோறும் மருந்துச் சீட்டின் படங்கள் எங்கள் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வருகின்றன; மாத்திரைகளை எண்ணிக் கட்டி, மாலைப் பேருந்தில் அந்த ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறோம். சீட்டை நேரில் கொண்டுவந்திருந்தால் ஒரே கேள்வியில் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம், படமாக வரும்போது கேட்கப்படாமலே போய், நான்கு நாள் கழித்து “மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்னும் சாப்பிட வேண்டுமா?” என்ற தொலைபேசி அழைப்பாகத் திரும்பி வருகிறது. அத்தகைய அழைப்புகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்ட பிழைகளையே இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். வெளியூரிலுள்ள பெற்றோருக்கு மருந்து வாங்கி அனுப்புகிறவர்களையும், வீட்டில் யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கணக்கு மிகச் சிறியது. காலை, மதியம், இரவு என்ற மூன்று எண்களைக் கூட்டி, நாள்களால் பெருக்க வேண்டும். 1-0-1 என்று எழுதி 5 நாள் என்றிருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு, ஐந்து நாளைக்குப் பத்து. இந்தப் பெருக்கலில் எவரும் தவறுவதில்லை. பெருக்க வேண்டிய எண்களைப் படத்திலிருந்து எடுக்கும் இடத்தில்தான் தவறு நேர்கிறது. ஆகவே சரிபார்ப்பும் அங்கேயே தொடங்க வேண்டும்.

தொடங்குமுன் மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: சீட்டின் முழுப் படம், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டை, முதல் மாத்திரையை எந்த நாள் எந்த வேளையில் சாப்பிட்டார் என்ற விவரம். மூன்றாவதை யாரும் குறித்து வைப்பதில்லை. ஆனால் பாதிப் பிழைகளை அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

## அறிகுறி: நாள் முடியுமுன் மாத்திரை தீர்ந்துவிட்டது

எந்த நாள், எந்த வேளையோடு தீர்ந்தது என்று முதலில் கேளுங்கள். தீர்ந்த வேளையே காரணத்தைச் சொல்லிவிடும். 1-0-1 என்று படித்து ஐந்து நாளைக்குப் பத்து மாத்திரை வாங்கியதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

### கடைசியில் ஒரே ஒரு மாத்திரை குறைந்தால்

இது பெரும்பாலும் கணக்குப் பிழையன்று. அட்டையிலிருந்து பிதுக்கும்போது ஒன்று கீழே விழுந்திருக்கலாம். சாப்பிட்டவுடன் வாந்தி வந்ததால் இன்னொன்றைக் கொடுத்திருக்கலாம். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது ஒன்று குறைந்திருக்கலாம். ரசீதில் உள்ள எண்ணிக்கையையும் காலி அட்டையின் குழிகளையும் எண்ணி ஒப்பிட்டால் கடையின் பிழையா, வீட்டின் பிழையா என்பது தெரிந்துவிடும். குழிகள் பத்தும் காலியாக இருந்து ஒரு வேளை மட்டும் குறைகிறதென்றால், ஒரு மாத்திரை கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. அது வாந்தியாலா, மறந்து இருமுறை சாப்பிட்டதாலா என்று நோயாளியைக் கேட்க வேண்டும்.

### நான்காம் நாள் காலையோடு தீர்ந்தால்

நாளைக்கு மூன்று வீதம் மூன்று நாளில் ஒன்பது, நான்காம் நாள் காலையில் பத்தாவது. அதாவது நோயாளி மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார். இப்போது கேள்வி இரண்டாகப் பிரிகிறது: மருத்துவர் எழுதியதே 1-1-1 தானா, அல்லது 1-0-1 என்று எழுதியதை நோயாளி மூன்று வேளையாக எடுத்துக்கொண்டாரா?

படத்தின் நடு இலக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேகமாக எழுதும் கையில் பூஜ்யம் ஒடுங்கி ஒரு கோடாகிவிடும். ஒன்று சற்று வளைந்து பூஜ்யம்போல் தோன்றும். அந்த இலக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே சீட்டின் மேற்புறத்திலுள்ள தேதியைப் பாருங்கள். தேதியின் பொருள் நமக்கு முன்பே தெரியும் என்பதால், அந்த மருத்துவரின் கை பூஜ்யத்தையும் ஒன்றையும் ஏழையும் எப்படி எழுதுகிறது என்பதை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். நோயாளியின் வயதும் எடையும் எழுதப்பட்டிருந்தால் அவையும் இதற்கு உதவும். நான் மருந்தின் வரியைப் படிக்குமுன் தேதியைத்தான் படிக்கிறேன்.

மருத்துவர் எழுதியது 1-1-1 என்று உறுதியானால், ஐந்து நாளைக்குப் பதினைந்து. இன்னும் ஐந்து வாங்கினால் போதும். எழுதியது 1-0-1 தான் என்றால், கூடுதலாக வாங்கி நாளை நிரப்பிவிடக் கூடாது. நோயாளி அளவுக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார் என்பதே அப்போதைய செய்தி; அதை மருத்துவரிடம் சொல்லி, மீதியைத் தொடரலாமா என்று கேட்ட பிறகே அடுத்த மாத்திரை.

### மூன்றாம் நாள் காலையோடு தீர்ந்தால்

வேளைக்கு இரண்டிரண்டாகச் சாப்பிட்டிருக்கிறார். இங்கே அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள மில்லிகிராம் அளவைச் சீட்டிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சீட்டில் 500 மில்லிகிராம் என்றிருக்க, கடையில் இருப்பு இல்லாததால் 250 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்து, “வேளைக்கு இரண்டு போடுங்கள்” என்று சரியாகவே சொல்லியிருப்பார்கள். எண்ணிக்கையை மட்டும் இரட்டிப்பாக்க மறந்திருப்பார்கள். அப்படியானால் மொத்தம் இருபது வேண்டும். அளவுகள் இரண்டும் ஒன்றாகவே இருந்து, நோயாளி தாமாக இரண்டு சாப்பிட்டிருந்தால், முன்பு சொன்னதுபோலவே மருத்துவரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி: நாள் முடிந்தும் மாத்திரை மிஞ்சுகிறது

முதலில் அட்டையைப் பாருங்கள். சில மாத்திரைகள் பத்து பத்தாகவும் சில பதினைந்து பதினைந்தாகவும் அட்டையில் வருகின்றன. 650 மில்லிகிராம் பாராசிட்டமால் 1-1-1 வீதம் 3 நாளைக்கு ஒன்பது போதும். பதினைந்து கொண்ட முழு அட்டையை வாங்கியிருந்தால் ஆறு மிஞ்சத்தான் செய்யும். அது பிழையன்று.

அடுத்து, தொடங்கிய வேளையைப் பாருங்கள். மாலையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை இரவு முதல் மாத்திரையைப் போட்டவருக்கு, செவ்வாய் முதல் வெள்ளி வரை எட்டுச் சேர்ந்து வெள்ளி இரவில் ஒன்பதுதான் முடிந்திருக்கும். ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று பத்தாவதை எடுத்து வைத்துவிடுவார்கள். அது சனிக்கிழமை காலைக்குரியது. எந்த வேளையில் தொடங்கினாலும் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. முடியும் வேளைதான் தள்ளிப்போகிறது. மருத்துவமனையிலேயே முதல் மாத்திரையைக் கொடுத்திருந்தால் மட்டும், அதைக் கேட்டறிந்து மொத்தத்தில் ஒன்றைக் கழிக்கலாம்.

பத்தில் ஐந்து அப்படியே இருந்தால், ஒரு வேளை மட்டுமே சாப்பிட்டிருக்கிறார். அநேகமாக இரவு மாத்திரை மறந்துபோயிருக்கும். அதைவிட அடிக்கடி நான் காண்பது வேறொன்று: மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். பாராசிட்டமாலுக்கு எழுதிய நாளும் அந்த மருந்துக்கு எழுதிய நாளும் வேறுவேறு என்பது சீட்டில் இருக்கும், பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று நாளில் ஆறு போக மிஞ்சிய நான்கை இப்போது எடுத்து விழுங்குவதா, விட்டுவிடுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த காய்ச்சலுக்கென்று அதை எடுத்து வைக்கக் கூடாது.

## அறிகுறி: பெருக்கி வந்த எண் மிகப் பெரிதாக இருக்கிறது

### “1-0-1 x 10” என்று மட்டும் இருந்தால்

பத்து நாளா, பத்து மாத்திரையா? பத்து நாளென்றால் இருபது வாங்க வேண்டும். பத்து மாத்திரையென்றால் ஐந்து நாளில் முடிந்துவிடும். “நாள்” என்ற சொல்லை எழுதாமல் விடும் மருத்துவர்கள் இரு வகையிலும் எழுதுகிறார்கள் என்பதால், இந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஆனால் சீட்டில் மற்ற வரிகளும் இருந்தால் ஒரு நல்ல சோதனை உண்டு. ஒவ்வொரு வரியிலும், பெருக்கல் குறிக்குப் பின்னுள்ள எண்ணை அந்த வரியின் ஒரு நாள் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். 1-1-1 x 15, 1-0-1 x 10, 0-0-1 x 5 என்று மூன்று வரிகள் இருந்தால், மூன்றிலும் விடை ஐந்து. எல்லா வரிகளும் ஒரே நாளில் முடியும்படி எண்கள் அமைந்திருப்பதால், அவர் எழுதியது மாத்திரை எண்ணிக்கை என்பது ஏறக்குறைய உறுதி. மாறாக, 1-1-1 x 5, 1-0-1 x 5, 0-0-1 x 5 என்று ஒரே எண் எல்லா வரியிலும் திரும்பி வந்தால், அது நாள். இரண்டுக்கும் பொருந்தாமல் எண்கள் கலந்து கிடந்தால் ஊகிக்க வேண்டாம். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ஒரே ஒரு மருந்து மட்டும் எழுதிய சீட்டிலும் அப்படியே.

### “5/7” போன்ற பின்னம் இருந்தால்

இது ஏழில் ஐந்து பங்கு அன்று. கீழேயுள்ள எண் அலகைக் குறிக்கிறது: 7 என்றால் நாள், 52 என்றால் வாரம், 12 என்றால் மாதம். ஒரு வாரத்தில் ஏழு நாள், ஓராண்டில் 52 வாரம், 12 மாதம் என்ற கணக்கில் அமைந்த பழைய எழுத்துமுறை இது. எனவே 5/7 என்பது ஐந்து நாள், 2/52 என்பது இரண்டு வாரம், 1/12 என்பது ஒரு மாதம். 1-0-1 என்று எழுதி 2/52 என்றிருந்தால், பதினான்கு நாளைக்கு இருபத்தெட்டு மாத்திரை. மேலுள்ள எண்ணையே நாளாக எடுத்துக்கொண்டு நான்கே மாத்திரை வாங்கிப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். சாய்கோட்டை ஒன்று என்று எண்ணி ஐந்நூற்றுப் பதினேழு நாளா என்று கேட்டவரும் உண்டு. மாதக் கணக்கில் எழுதியிருந்தால், முப்பது நாளா இருபத்தெட்டு நாளா என்பதை, மறுமுறை வரச் சொன்ன தேதியை வைத்து முடிவுசெய்யலாம்.

### “50” என்று தோன்றினால்

ஐந்துக்குப் பின் இருப்பது பூஜ்யமன்று. நாள் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் முதல் எழுத்தாக இருக்கலாம். அவசரமாக எழுதிய அந்த எழுத்து, மங்கலான படத்தில் முழு வட்டமாகவே தெரியும். காய்ச்சல், இருமல் போன்ற சில நாள் நோய்க்கு ஐம்பது நாள் மருந்து எழுதமாட்டார்கள் என்பதால் இது எளிதில் பிடிபடும். 1-0-1 ஐம்பது நாளென்றால் நூறு மாத்திரை. அப்படியோர் எண் வந்தால் கடைக்காரர் கேட்குமுன் நீங்களே நின்று யோசியுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கான மருந்துகளில் மட்டும் பெரிய எண் இயல்பானது என்பதால், அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

## அறிகுறி: படத்தில் நாள் எண்ணையே காணவில்லை

நாள் எண் பெரும்பாலும் சீட்டின் வலது ஓரத்தில் இருக்கும். படமெடுப்பவர் மருந்தின் பெயர் தெரிந்தால் போதுமென்று நினைப்பதால், வலது ஓரந்தான் முதலில் வெட்டுப்படுகிறது. நான்கு மூலைகளும் தெரியும்படி மறுபடம் கேளுங்கள். சீட்டை மேசைமேல் விரித்து, மடிப்பை நீவிவிட்டு, சன்னல் வெளிச்சத்தில், பளிச்சொளி இல்லாமல், நேர்மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் படம் சுருங்காது. பென்சில்போல் மெலிதாக எழுதிய சீட்டுகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்.

மறுபடத்திலும் எண் இல்லையென்றால், வலப்புறம் நீண்ட வளைவு அடைப்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று நான்கு வரிகளை ஒரே அடைப்பில் இணைத்து, அதன் மூக்குக்கு அருகே ஒருமுறை மட்டும் “5 நாள்” என்று எழுதுவது வழக்கம். அந்த அடைப்பு எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்; அடைப்புக்கு வெளியே நிற்கும் வரிக்கு வேறு நாள் இருக்கும்.

சீட்டின் அடியில், மீண்டும் வந்து பார்க்கச் சொல்லி ஒரு நாள் எண் இருக்கும். மருந்துக்கு நாள் எழுதாதபோது, அதையே மருந்தின் நாளாக எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அது பொருந்திவரும். ஆனால் மூன்று நாள் கழித்துப் பரிசோதனை முடிவோடு வரச் சொல்லிவிட்டு, ஏழு நாள் மருந்து எழுதியிருக்கவும் கூடும். ஆகவே அந்த எண்ணை ஒரு துப்பாகக் கொள்ளலாமே தவிர, விடையாகக் கொள்ளக் கூடாது.

“தேவைப்பட்டால் மட்டும்” என்ற பொருளில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதிய வரிக்கு நாள் எண் இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. அதைப் பெருக்க முடியாது. ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை, இரு வேளைக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று கேட்டு, சிறு எண்ணிக்கையாக வாங்கினால் போதும்.

## அறிகுறி: ஒரே மாத்திரைக்குப் பல வரிகள் இருக்கின்றன

மேலேயுள்ள எல்லாவற்றையும்விட இங்கேதான் எண்ணிக்கை அதிகம் பிழைக்கிறது என்பதால், ஒரு சீட்டை முழுவதுமாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். மூச்சிரைப்போடு இருமல் வந்த ஒருவருக்கு இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரி, அமாக்சிசிலின்–கிளாவுலனேட் 625, 1-0-1. இரண்டாவது, பான்டோபிரசோல் 40, சாப்பாட்டுக்கு முன், 1-0-0. மூன்றாவது, லெவோசெட்ரிசின் 5, 0-0-1. இந்த மூன்றையும் ஓர் அடைப்புக்குறி இணைக்கிறது. பக்கத்தில் 5 நாள். நான்காவது, பாராசிட்டமால் 650, 1-1-1, 3 நாள். ஐந்தாவது, பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம். அதற்கு மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிறு வரிகள்: 2-0-0 மூன்று நாள், 1-0-0 மூன்று நாள், ½-0-0 நான்கு நாள்.

முதல் நான்கும் எளியவை: பத்து, ஐந்து, ஐந்து, ஒன்பது. பாராசிட்டமால் அடைப்புக்கு வெளியே இருப்பதைக் கவனிக்காமல் அதையும் ஐந்து நாளாகக் கொண்டால் பதினைந்து வந்துவிடும்.

பிரெட்னிசோலோனைத் தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். 2 x 3 ஆறு. 1 x 3 மூன்று. அரை x 4 இரண்டு. மொத்தம் பதினொன்று. இங்கே வழக்கமாக நிகழும் பிழைகள் இரண்டு. முதலாவது, கடைசி வரியின் அரைக்குறி படத்தில் 1 என்றோ 2 என்றோ படிக்கப்படுவது. அளவு படிப்படியாகக் குறைந்துவரும் சீட்டில் ஒரு வரி மட்டும் மேல்வரியைவிடக் கூடினாலோ அதற்குச் சமமாக நின்றாலோ, அது தவறாகப் படிக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகுதி. இரண்டாவது பிழை, பத்து மாத்திரை அட்டை ஒன்று போதுமென்று விட்டுவிடுவது. குறையும் அந்த ஒன்று கடைசி இரண்டு நாளுக்குரியது.

சரிபார்க்க எளிய வழி, மாத்திரையை விட்டுவிட்டு மில்லிகிராமில் கூட்டுவது. 20 x 3 அறுபது, 10 x 3 முப்பது, 5 x 4 இருபது. மொத்தம் 110 மில்லிகிராம். அதைப் பத்தால் வகுத்தால் பதினொன்று. கடையில் 10 மில்லிகிராம் இல்லாமல் 5 மில்லிகிராம் மட்டும் இருந்தால், இதே 110ஐ ஐந்தால் வகுத்து இருபத்திரண்டு என்று கேட்கலாம். அப்போது வேளைக்கு நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று உண்ணும் எண்ணிக்கை மாறிவிடும். அதை உறைமேல் தமிழில் எழுதி வாங்குங்கள். மாத்திரையை உடைக்க வேண்டியதில்லை என்பதால், முதியவர்களுக்கு நானே சில நேரங்களில் இப்படித்தான் கொடுக்கிறேன்.

இந்தச் சீட்டில் மொத்தக் காலம் பத்து நாள். ஐந்தாம் நாளோடு மற்றவை தீர்ந்துவிடுவதால், “மருந்து முடிந்துவிட்டது” என்று பிரெட்னிசோலோனையும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்படியாகக் குறைக்கச் சொல்லி எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையில் ஒரு வரியாவது தெளிவாகப் படிக்க முடியவில்லை என்றால், வாங்குமுன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: மூன்று எண்களின் வடிவமே வழக்கம்போல் இல்லை

நான்கு எண்கள் இருந்தால், எடுத்துக்காட்டாக 1-1-1-1 என்றால், நாளைக்கு நான்கு வேளை. நான்கையும் கூட்ட வேண்டும். பூஜ்யத்துக்குப் பதிலாகச் சிலர் பெருக்கல் குறியையே இடுவார்கள்: 1-x-1. இரு ஒன்றுகளுக்கு நடுவே இருக்கும் குறி பூஜ்யம்; எல்லாவற்றுக்கும் பின்னால் வருவதுதான் பெருக்கல்.

அரை மாத்திரையில், ½-0-½ ஐந்து நாளைக்கு ஐந்து என்று முழு எண்ணாக வரும். ½-0-0 ஐந்து நாளைக்கு இரண்டரை வரும். மூன்றாக வாங்க வேண்டும். ஆனால் பெயருக்குப் பின் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால் அந்த மாத்திரை மருந்தை மெதுவாக வெளிவிடும்படி செய்யப்பட்டது. அதற்கு அரை எழுதியிருப்பதாகத் தோன்றினால், உடைக்குமுன் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது தவறாகப் படிக்கப்பட்ட ஒன்றாகவே இருக்கும்.

வாரம் ஒருமுறை மருந்துகளுக்கு இந்தக் கட்டுரையில் நான் கேட்டுக்கொள்ளும் மிகப் பெரிய கவனம் தேவை. வைட்டமின் டி 60,000 அலகு மாத்திரையை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதினால் எட்டுதான் வாங்க வேண்டும். நாளாகப் பெருக்கினால் ஐம்பத்தாறு வரும். அதைவிட ஆபத்தானது மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் வாரத்தில் ஒரே நாள் கொடுக்கப்படும் மருந்து அது. நாள்தோறும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். ஒருமுறை எனக்கு வந்த படத்தில் அந்த மருந்தின் பெயரும் 1-0-0 என்ற வடிவமும் தெரிந்தன. கீழ்வரியில் இருந்த கிழமையின் பெயர் விரலுக்கு அடியில் மறைந்திருந்தது. மருந்தின் பெயரை அறிந்திருந்ததால் நிறுத்தினேன்; எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் முப்பது மாத்திரை கொடுத்திருப்பார். கிழமையின் பெயரோ “வாரம்” என்ற சொல்லோ சீட்டில் எங்கேனும் தென்பட்டால், அது எந்த வரிக்குரியது என்று உறுதியாகும்வரை எதையும் பெருக்காதீர்கள்.

## அறிகுறி: எக்செல்லில் போட்டால் மொத்தம் லட்சத்தைத் தாண்டுகிறது

பெற்றோர் இருவரின் மாத மருந்துகளை எக்செல் தாளில் வைத்திருப்பவர்கள் இதை எதிர்கொள்கிறார்கள். ஒரே கட்டத்தில் 1-1-1 என்று தட்டினால், எக்செல் அதைத் தேதியாக, 2001 சனவரி 1 என்று மாற்றிவிடுகிறது. அந்தத் தேதிக்கு எக்செல் உள்ளே வைத்திருக்கும் எண் 36892. அதை ஐந்தால் பெருக்கினால் 184460 வந்து நிற்கும். 1-0-1 என்பதில் பூஜ்யம் மாதமாக இருக்க முடியாது என்பதால் அது மாறுவதில்லை. அதனால்தான் சில வரிகள் மட்டும் கெட்டுப்போய், காரணம் புரியாமல் குழப்பம் உண்டாகிறது. 5/7 என்று தட்டினாலும் இதே கதிதான்.

மூன்று வேளைக்கும் மூன்று தனிக் கட்டங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பி, சி, டி கட்டங்களில் காலை, மதியம், இரவு; இ கட்டத்தில் நாள். அரையை 0.5 என்று தட்டுங்கள்.

```
=ROUNDUP((B2+C2+D2)*E2,0)
```

அளவு மாறும் மருந்துக்கு ஒவ்வொரு படிக்கும் தனி வரி போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

## கணக்கை நிறுத்திவிட்டு அழைக்க வேண்டிய இடம்

நடு இலக்கம் தேதியோடு ஒப்பிட்ட பிறகும் தெளியவில்லை என்றால், “x 10” நாளா மாத்திரையா என்று மற்ற வரிகளாலும் தெரியவில்லை என்றால், மருந்தின் பெயரையே இருவகையாகப் படிக்க முடிகிறது என்றால், ஸ்டீராய்டிலோ வாரமருந்திலோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்திலோ குழந்தைக்கு எழுதியதிலோ எந்தச் சிறு ஐயம் இருந்தாலும், மேற்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். சீட்டைப் படித்து மருந்து கொடுக்கும் மருந்தாளுநரிடம் முதலில் கேளுங்கள். அவருக்கும் தெளியவில்லை என்றால் மருத்துவமனை எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண் பெரும்பாலும் சீட்டின் தலைப்பிலேயே இருக்கும். நோயாளி ஏற்கெனவே கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால், மருந்தாளுநருக்காகக் காத்திராமல் நேராக மருத்துவரிடமே பேச வேண்டும்.

அழைக்கும்போது “இது எத்தனை நாள்?” என்று திறந்த கேள்வியாகக் கேட்டால், மறுமுனையில் இருப்பவர் வேறொரு நோயாளியை நினைத்துப் பதில் சொல்லிவிடக்கூடும். நோயாளியின் பெயரையும் பார்த்த தேதியையும் சொல்லிவிட்டு, உங்கள் கணக்கை முழுதாகப் படித்துக் காட்டுங்கள்: “அமாக்சிசிலின்–கிளாவுலனேட் 625, காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று, ஐந்து நாள், மொத்தம் பத்து மாத்திரை. சரிதானே, ஐயா?” பதில் வந்ததும் சீட்டின் படத்துக்குக் கீழேயே, யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்டறிந்தது என்பதையும் எண்ணையும் எழுதி, மருந்தோடு சேர்த்து அனுப்புங்கள்.